ஜப்பானில் சைவ உணவு கேட்டு வாங்குதல்: தாஷி பற்றியும் மற்ற மறைபொருள்கள் பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதில் வரும் ஜப்பானியச் சொற்களை எப்படி உச்சரிப்பது?

தமிழ் எழுத்தில் உள்ளபடியே படித்தால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தாஷி, தெ, தெஸ், தக்கே, தமே, தாய்ஜோபு ஆகிய சொற்களின் முதல் எழுத்தை மட்டும் ‘தானம்’, ‘தயை’ என்பவற்றில் வருவதுபோல் மெல்லொலியாகச் சொல்ல வேண்டும். ‘குதாசாய்’ என்பதன் நடுவில் வரும் தகரமும் அப்படியே. ‘க்யூன்யூ’ என்பதன் முதல் எழுத்தும் ‘கானம்’ என்பதில் உள்ளதுபோல் மென்மையாக ஒலிக்கும். தனித்து நிற்கும் ‘கா’ கேள்வியின் கடைசியில் வந்தால் ‘கால்’ என்பதில் உள்ளபடி அழுத்தமாகவும், வாக்கியத்தின் நடுவில் வந்தால் ‘கானம்’ என்பதில் உள்ளபடி மென்மையாகவும் ஒலிக்கும்.

‘நான் வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதாதா?

போதாது. ‘பெஜித்தாரியன்’ என்ற சொல் ஜப்பானில் பலருக்கும் தெரியும். ஆனால் அதன் எல்லை ஆளுக்கு ஆள் மாறுகிறது. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் போதும் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. மீன் சாப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு. ‘வீகன்’ என்ற சொல் பெரிய நகரங்களில் சற்றுத் தெளிவான பொருளைத் தருகிறது. சிற்றூர் உணவகத்தில் அதை நம்ப முடியாது.

ஆகவே, நீங்கள் எத்தகையவர் என்று சொல்வதைவிட எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுவதே பயன் தரும். ‘சுமிமாசென், நிக்கு தொ சக்கானா கா தபேராரெமாசென்’ என்றால் ‘மன்னிக்கவும், இறைச்சியும் மீனும் என்னால் சாப்பிட முடியாது’ என்று பொருள். ‘நிக்கு’ என்றதும் சிலருக்கு மாடும் பன்றியும்தான் நினைவுக்கு வரும். கோழியையும் ஹாமையும் பேக்கனையும் தனியாகக் கருதுவார்கள். அதனால் ‘தொரி மொ, ஹாமு மொ’ (கோழியும், ஹாமும்) என்று சேர்த்துக்கொள்வது நல்லது.

இந்த வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அடுத்த வாக்கியம் இதைவிட முக்கியமானது: ‘சக்கானா நொ தாஷி மொ தமே தெஸ்’, அதாவது ‘மீன் தாஷியும் கூடாது’.

தாஷி என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிநீர். பொருள்களை நீரில் ஊறவைத்தோ சிறிது நேரம் கொதிக்கவைத்தோ வடித்தெடுக்கும் சாறு. கொம்பு என்னும் தடித்த கடற்பாசி, கத்சுவோபுஷி என்னும் புகையூட்டி உலர்த்திய கத்சுவோ மீனின் சீவல், நிபோஷி என்னும் உலர்ந்த சிறு மீன், உலர்ந்த ஷீத்தாக்கே காளான் ஆகியவை இதற்குரிய வழக்கமான மூலப்பொருள்கள். இவற்றுள் கொம்பும் காளானும் சைவம், மற்றவை மீன்.

சாற்றை வடித்தபின் மீன் சீவலை எடுத்துவிடுவார்கள். கிண்ணத்தில் தெளிந்த நீர் மட்டுமே இருக்கும். அதில் மீன் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. சமைப்பவரும் அதை மீன் உணவாக எண்ணுவதில்லை. உப்பையும் நீரையும் போல அதுவும் சமையலின் இயல்பான பகுதி. அதனால்தான் ‘இதில் மீன் இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. மீன் துண்டு இல்லை என்கிறார்.

புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப், ஊதோன் மற்றும் சோபா நூடுல்ஸின் சாறு, மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுடன் வரும் தொட்டுக்கொள்ளும் நீர், காய்கறிகளைக் கொதிக்கவைத்துச் செய்யும் நிமோனோ, பொரித்த தோஃபுவைச் சாற்றில் வைத்துத் தரும் அகெதாஷி தோஃபு, சுருட்டிய முட்டைப் பொரியல் ஆகிய எல்லாவற்றிலும் பெரும்பாலும் தாஷி இருக்கும். இனிப்பாக வேகவைத்த தோஃபுப் பையில் சோறு அடைத்த இனாரி சூஷி முழுச் சைவமாகவே தோன்றும். ஆனால் அந்தப் பையை வேகவைத்த நீரில் பெரும்பாலும் தாஷி சேர்ந்திருக்கும்.

‘கொம்பு தாஷிதான்’ என்று பதில் வந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாமா?

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1908-ல் கிக்குனாயே இக்கேதா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். 1913-ல் ஷிந்தாரோ கொதாமா, கத்சுவோபுஷியின் சுவைக்குக் காரணம் இனோசினேட் என்று கண்டார். இவை இரண்டும் சேரும்போது சுவை தனித்தனியாக இருப்பதைவிடப் பன்மடங்கு கூடுகிறது. இந்தக் காரணம் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே சமையற்காரர்கள் இரண்டையும் கலந்து ‘அவாசெ தாஷி’ செய்துவந்தார்கள். இன்றும் நல்ல கடைகளில் வழக்கமாக இருப்பது அந்தக் கலவையே.

ஆகவே ‘கொம்பு’ என்ற பதில் உண்மையாக இருந்தும் முழுமையற்றதாக இருக்கலாம். முதலில் ‘தாஷி வா நன் நொ தாஷி தெஸ் கா?’ (இது எதனால் செய்த தாஷி?) என்று கேளுங்கள். கொம்பு என்றால் உடனே ‘கொம்பு தக்கே தெஸ் கா?’ (கொம்பு மட்டும்தானா?) என்று தொடருங்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய முடியுமென்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ‘தக்கே’ என்ற சொல்லைக் கேட்டதும் பணியாளர் ஒரு கணம் யோசித்து, ‘ஆ, கத்சுவோவும் இருக்கிறது’ என்று திருத்திச் சொல்வதற்கு அது வழிவிடுகிறது.

மீனை மட்டும் நீக்கித் தரும்படி கேட்க முடியாதா?

மேலே போடுவதை நீக்கலாம்; உள்ளே கரைந்ததை நீக்க முடியாது. எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதை இதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

குளிர்ந்த தோஃபுவின்மேல் தூவும் கத்சுவோபுஷி, கீரையின்மேல் தூவும் சீவல், சாலட்டின்மேல் வைக்கும் ஹாம் துண்டு ஆகியவை பரிமாறும் நேரத்தில் சேர்க்கப்படுபவை. இவற்றுக்கு ‘நுக்கி தெ’ என்ற சொல் போதும். ‘கத்சுவோபுஷி நுக்கி தெ ஒனெகாய் ஷிமாஸ்’ என்றால் ‘கத்சுவோபுஷி இல்லாமல் கொடுங்கள்’ என்று பொருள். இது யாருக்கும் தொல்லை தராத, அன்றாடம் கேட்கப்படும் வேண்டுகோள்.

சூப்பும் நூடுல்ஸ் சாறும் அப்படியல்ல. கடை திறக்கும் முன்பே பெரிய பாத்திரத்தில் தாஷி தயாராகிவிடும். ஒருவருக்காக அதை மாற்ற இயலாது. ‘தாஷி நுக்கி’ என்று கேட்டால் சமைப்பவர் குழம்பிப்போவார், அல்லது மேலே மிதப்பதை மட்டும் அகற்றிவிட்டு அதே சாற்றைத் தருவார். அத்தகைய இடத்தில் சாற்றையே மாற்றச் சொல்வதுதான் வழி. குளிர்ந்த சோபாவைத் தட்டில் வைத்து, சாற்றைத் தனிக் கிண்ணத்தில் தரும் ‘சாரு சோபா’ இதற்கு ஏற்றது. நூடுல்ஸில் பெரும்பாலும் சோபா மாவும் கோதுமை மாவும்தான் இருக்கும். ‘த்சுயு நொ காவாரி நி, ஷோயு ஒ குதாசாய்’ (தொட்டுக்கொள்ளும் சாற்றுக்குப் பதில் சோயா சாஸ் கொடுங்கள்) என்று கேட்கலாம். சுவை குறையத்தான் செய்யும். சூடான ஊதோனை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் பேரம் பேச இடமில்லை.

மாலை நேர உணவு விடுதியில் இதை எப்படி நடைமுறைப்படுத்துவது? ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

இசக்காயா என்பது மதுவுடன் சிறு சிறு தட்டுகளாக உணவு தரும் விடுதி. சைவர்களுக்கு இது கடினமான இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கருத்தில் நூடுல்ஸ் கடையைவிட இது எளிது, ஏனெனில் இங்கே தட்டுகள் தனித்தனியாக வருகின்றன.

உட்கார்ந்தவுடன் முதல் சிக்கல் தானாகவே வந்துவிடும். நீங்கள் கேட்காமலே ‘ஓத்தோஷி’ என்ற சிறு கிண்ணம் மேசைக்கு வரும்; அது இருக்கைக் கட்டணம் போன்றது, பில்லில் சேரும். பெரும்பாலும் அதில் தாஷியில் வெந்த காயோ மீன் கலந்த ஏதேனும் ஒன்றோ இருக்கும். எனவே உணவுப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, இறைச்சியும் மீனும் முடியாது, மீன் தாஷியும் கூடாது என்று மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களையும் சொல்லிவிட வேண்டும். சில கடைகளில் ஓத்தோஷியை மாற்றித் தருவார்கள். சில கடைகளில் தொடாமல் வைத்துவிட்டுக் கட்டணத்தைச் செலுத்துவதே மரியாதை.

அடுத்து எதாமாமே கேளுங்கள். உப்பு நீரில் வெந்த இளம் சோயாக் காய் அது, கேள்வி அதிகம் தேவைப்படாத தட்டு. பிறகு ‘ஹியாயாக்கோ, கத்சுவோபுஷி நுக்கி தெ ஒனெகாய் ஷிமாஸ்’ என்று குளிர்ந்த தோஃபுவைக் கேளுங்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் மட்டும் மேலே வைத்த தோஃபு வரும். மேசையில் ஏற்கெனவே ஒரு சோயா சாஸ் குப்பி இருக்கும். அதை ஊற்றுவதற்கு முன் நிறுத்துங்கள். சாதாரண ஷோயு சோயா, கோதுமை, உப்பு ஆகியவற்றால் ஆனது. ஆனால் சில மேசைகளில் ‘தாஷி ஷோயு’ என்ற மீன் சாறு கலந்த வகையை வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே நிறம். ‘கொனோ ஷோயு நி தாஷி வா ஹாய்த்தே இமாஸ் கா?’ (இந்தச் சோயா சாஸில் தாஷி இருக்கிறதா?) என்று குப்பியைக் காட்டிக் கேளுங்கள். ஐயம் இருந்தால் ‘ஷியோ ஒ குதாசாய்’ என்று உப்பு வாங்கிக்கொள்ளலாம். தோஃபுவுக்கு உப்பும் நன்றாகவே பொருந்தும்.

வயிற்றை நிரப்ப ‘ஷியோ முசுபி’, அதாவது உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டை கேட்கலாம். அதனுடன் மிசோ சூப் சேர்ந்து வருமானால் ‘மிசோ ஷிரு நுக்கி தெ’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் ஏற்கெனவே பிசையப்பட்டிருக்கும். வெள்ளரி ஊறுகாயில்கூடச் சில கடைகளில் கத்சுவோ சேர்ப்பது உண்டு. தெம்புராவை உப்புடன் கேட்கலாம், ஆனால் மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், இறால் பொரித்த எண்ணெயிலேயே காயும் பொரியும். எண்ணெயைப் பொதுவில் பயன்படுத்துவதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சைவத்துக்கெனத் தனி எண்ணெய் வைத்திருக்கும் கடை அரிது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டேன், பதில் புரியவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

வாக்கியத்தின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். ‘ஹாய்த்தே இமாஸ்’ என்றால் இருக்கிறது. ‘ஹாய்த்தே இமாசென்’ என்றால் இல்லை. ‘காக்குனின் ஷிமாஸ்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போனால், சமைப்பவரிடம் கேட்டுவரப் போகிறார் என்று பொருள். இதுவே நீங்கள் பெறக்கூடிய சிறந்த பதில். ‘தொ ஒமொயிமாஸ்’ என்று வாக்கியம் முடிந்தால் ‘அப்படித்தான் நினைக்கிறேன்’ என்கிறார். அது ஊகம், உறுதி அல்ல. அப்போது தயங்காமல் ‘காக்குனின் ஒனெகாய் ஷிமாஸ்’ என்று சொல்லி, உறுதி செய்துவரக் கேளுங்கள்.

‘முடியாது’ என்ற நேரடிச் சொல்லை ஜப்பானில் அரிதாகவே கேட்பீர்கள். ‘முசுகாஷீ தெஸ்’ என்பதற்கு நேர்ப்பொருள் கடினம் என்பதே. உணவகத்தில் அது மறுப்பு. ‘ச்சொத்தோ...’ என்று இழுத்து நிறுத்தினாலும் மறுப்புதான். கடினம் என்கிறார், முயன்றால் முடியும்போல என்று எண்ணி வற்புறுத்தினால், அவர் சங்கடப்பட்டு ஏதோ ஒன்றைத் தந்துவிடும் ஆபத்து உண்டு. நன்றி சொல்லி வேறு தட்டுக்கோ வேறு கடைக்கோ மாறுவது இருவருக்கும் நல்லது.

‘இதில் தாஷி இல்லையே?’ என்று எதிர்மறையாகவும் கேட்காதீர்கள். ‘ஹாய்’ என்ற பதில் வந்தால், ‘ஆமாம், இல்லை’ என்கிறாரா, வெறுமனே ‘கேட்டுக்கொண்டேன்’ என்கிறாரா என்று பிரித்தறிய வழியிருக்காது. ‘இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டு, முழு வினைச்சொல்லோடு பதில் வரும்வரை காத்திருங்கள்.

உணவகத்தில் ஒவ்வாமைப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து முடிவு செய்யலாமா?

அது ஒவ்வாமைக்காகத் தயாரித்த பட்டியல். சைவத்துக்கு அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பொட்டல உணவில் கட்டாயம் குறிக்க வேண்டியவற்றுள் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவை உள்ளன. மாட்டிறைச்சி, கோழி, பன்றி, ஜெலட்டின், சால்மன், சபா என்னும் கானாங்கெளுத்தி வகை மீன் ஆகியவை குறிக்கப் பரிந்துரைக்கப்பட்டவற்றுள் வருகின்றன. கத்சுவோ இந்த இரண்டு பட்டியல்களிலும் இல்லை. எனவே மிசோ சூப்புக்கு நேரே எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தாலும், அது கத்சுவோ தாஷியில் செய்ததாக இருக்கலாம்.

ஒரு திசையில் மட்டும் இந்தப் பட்டியல் உதவும். நூடுல்ஸ் சாற்றுக்குப் பல கடைகளில் சபா மீன் சீவலையும் சேர்ப்பார்கள். சபா கட்டத்தில் குறி இருந்தால் அந்தத் தட்டு கூடாது என்பது உறுதி. குறி இல்லாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

இருபத்து நான்கு மணி நேரக் கடைகளில் பொட்டலமாக வாங்கும்போது?

பின்புறம் ‘கென்சாய்ரியோமெய்’ என்ற தலைப்பின்கீழ் உட்பொருள் பட்டியல் அச்சாகியிருக்கும். அதில் தேட வேண்டியவை ‘கத்சுவோ’, ‘கியோக்காய்’ (கடலுணவு), கோழியைக் குறிக்கும் ‘சிக்கின்’, பன்றியைக் குறிக்கும் ‘போக்கு’ ஆகிய சொற்கள். இவற்றுக்குப் பின்னால் ‘எக்கிஸு’ என்று வந்தால் சாறு என்று பொருள். கறிக் குழம்புக்குக் கரைக்கும் ‘ரூ’ என்னும் மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வது வழக்கம். நத்தோ என்னும் புளித்த சோயா சைவம்தான், ஆனால் அதனுடன் வரும் சிறு சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். அதைப் பிரிக்காமல் ஒதுக்கிவிடலாம். ஜெல்லி வகைகளில் ‘செராச்சின்’ என்றால் ஜெலட்டின், ‘கந்தென்’ என்றால் கடற்பாசியில் எடுத்தது.

எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள், தங்கும் விடுதி வரவேற்பாளரிடம் இந்தச் சொற்களைச் சிறு அட்டையில் ஜப்பானிய எழுத்தில் பெரிதாக எழுதித் தரச் சொல்லி, பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே அட்டையின் மறுபுறம் ‘இறைச்சி, மீன், இவற்றின் தாஷி, இவற்றின் எக்கிஸு எதுவும் சாப்பிட மாட்டேன், கொம்பு, காளான் தாஷி சரி’ என்று எழுதி வாங்கிக்கொண்டால், உணவகத்தில் சமையலறைவரை அந்த அட்டையே போய்வரும். ‘எவை சரி’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மறுப்புகளை மட்டும் படிக்கும் சமையற்காரருக்கு எதைச் செய்து தருவது என்று தெரியாமல் போகிறது.

முட்டையும் பாலும்?

முட்டை வேண்டாம் என்றால் ‘தமாகோ மொ தமே தெஸ்’. பால் சரி என்றால் ‘க்யூன்யூ வா தாய்ஜோபு தெஸ்’. பால் ஜப்பானியப் பாரம்பரியச் சமையலில் குறைவாகவே வருவதால் இதற்கு அதிகம் பேச வேண்டியிராது. முட்டை அப்படியல்ல; ராமென் நூடுல்ஸிலேயே சில வகைகளில் முட்டை சேர்ந்திருக்கும்.

எந்தக் கேள்வியும் கேட்காமல் சாப்பிடக்கூடிய இடம் ஒன்றாவது உண்டா?

புத்த மடாலயங்களில் வளர்ந்த ‘ஷோஜின் ரியோரி’ என்ற சமையல் முறை அதற்கு மிக அருகில் வருகிறது. அதில் இறைச்சியும் மீனும் இல்லை. தாஷி கொம்பிலும் காளானிலும் எடுக்கப்படுகிறது. மரபு வழுவாத இடங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. வக்காயாமா மாநிலத்தின் கோயாசான் மலையில் பயணிகளைத் தங்கவைக்கும் கோயில்கள் பல உள்ளன. மாலையிலும் காலையிலும் அங்கே தருவது இந்த உணவுதான். எள்ளில் செய்த கொமாதோஃபுவும், உறையவைத்து உலர்த்திய கோயாதோஃபுவும் அதில் இடம்பெறும். முன்பதிவு இல்லாமல் போனால் உணவு கிடைக்காது.

கோயிலுக்கு வெளியே ‘ஷோஜின்’ என்று பலகை வைத்த உணவகம் வேறு. அங்கே ஷோஜின் என்பது பாணியைக் குறிப்பதாகவும், சாறு கத்சுவோவில் எடுத்ததாகவும் இருக்கக்கூடும். பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பிலேயே ‘கொம்பு தக்கே தெஸ் கா?’ என்று விடுதி வரவேற்பாளரைக் கேட்கச் சொல்லுங்கள்; சமைப்பவருக்கும் ஒரு நாள் அவகாசம் கிடைக்கும், தேவைப்பட்டால் உங்களுக்கெனக் கொம்பை இரவே ஊறவைத்துவிடுவார்.